32 சொல் வாக்கியத்தை இரண்டாம் தரப் பிள்ளைக்குக் கொடுப்பது எப்படி?

எங்கள் வாசிகசாலையில் சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் கொடுப்போம். ஐந்தாம் தரப் பிள்ளைகளுக்குப் புத்தகம் இருக்கிறது. முன்பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் நிறைந்த தாள்கள் இருக்கின்றன. இடையில் இருப்பவர்கள்தான் திண்டாடுவார்கள். இரண்டாம் தரத்துப் பிள்ளைக்கு எழுத்துத் தெரியும், கூட்டி வாசிக்கவும் தெரியும். ஆனால் ஒரு பக்கம் நிறைய எழுத்தைக் கண்டவுடன் புத்தகத்தை மூடி வைத்துவிடும்.

அவர்களுக்கென்று புதிதாகக் கதை எழுதலாம். இருக்கிற நல்ல கதையைச் சிறிதாக்கியும் கொடுக்கலாம். இரண்டாவது வேலை சுலபம் என்று நினைத்துத்தான் நானும் தொடங்கினேன். ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்ட பிறகு அதற்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று விளங்கியது. நான் ஐந்தாம் தரத்துக்கு என்று எழுதி வைத்திருந்த ஒரு கதையை எடுத்துக்கொண்டு அந்த ஒழுங்கைச் சொல்கிறேன்.

கதை இதுதான். தர்ஷிகா என்ற சிறுமி பூரணை இரவில் அம்மப்பாவோடு தோணியில் போகிறாள். பாடும் மீனின் பாட்டைக் கேட்கவேண்டும் என்பது அவள் ஆசை. பாலத்தடிக்குப் போய், துடுப்பின் அலகைத் தண்ணீருக்குள் விட்டு, பிடியின் நுனியில் காதை வைத்தால் பாட்டுக் கேட்கும் என்று அம்மப்பா காட்டுகிறார். மட்டக்களப்பில் இது எல்லாரும் அறிந்த முறைதான். அவள் ஓயாமல் கதைத்துக்கொண்டே இருப்பதால் அவளுக்கு ஒன்றும் கேட்பதில்லை. பிறகு தோணி தூரம் போய்விடுகிறது, மேகம் நிலவை மறைக்கிறது, கரையில் மின்சாரமும் போய்விடுகிறது. வழி தெரியவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டு துடுப்பில் காதை வைக்கிறாள். பாட்டுக் கேட்கிறது. அப்படியானால் பாலம் பக்கத்தில்தான். வீடு வந்து சேர்கிறார்கள்.

முதலில் முடிவிலிருந்து பின்னால் நடவுங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் வரியில் பென்சிலை வைத்து, கடினமான சொல்லை வெட்டிக்கொண்டே கீழே போவார்கள். நானும் அதைத்தான் செய்தேன். அது தவறு. வெட்டுவதற்கு முன்னால் எதை வெட்டக்கூடாது என்று தெரியவேண்டும். அதற்குக் கதையின் கடைசி நிகழ்ச்சியை ஒரு கொப்பியில் எழுதி, 'இது ஏன் நடந்தது?' என்று கேட்டுக்கொண்டு பின்னால் போங்கள்.

வீட்டுக்குப் போனார்கள். ஏன் போக முடிந்தது? பாலம் இருக்கும் இடம் தெரிந்தது. எப்படித் தெரிந்தது? பாட்டுக் கேட்டது, பாட்டோ பாலத்தடியில் மட்டும்தான் கேட்கும். பாட்டு எப்படிக் கேட்டது? துடுப்பில் காதை வைத்தாள், கதைக்காமல் இருந்தாள். கதைக்கக்கூடாது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? முதல் தடவை கதைத்ததால் கேட்கவில்லை.

இப்படிப் போனால் முடிவைத் தாங்குகிற மூன்று விதைகள் கையில் அகப்படுகின்றன. மீன் பாலத்தடியில் மட்டும் பாடும், துடுப்பு வழியாகக் கேட்கலாம், கதைத்தால் கேட்காது. இந்த மூன்றும் கதையின் முன்பாதியில் எங்கோ ஒரு மூலையில், பெரும்பாலும் வர்ணனைக்கு நடுவில் ஒளிந்திருக்கும். அவற்றுக்குக் கீழே கோடு போட்டு வையுங்கள். மற்றது எல்லாம் பேரம் பேசக்கூடியது. என் கதையில் அம்மப்பா இளமையில் இறால் பிடித்த கதை ஒன்று அரைப் பக்கத்துக்கு இருந்தது. பாடும் மீனைப் பற்றிய பழங்கதை ஒன்றும், அம்மா கரையில் நின்று ஏசுவதும் இருந்தன. மூன்றையும் எடுத்தேன். இறால் கதையை எடுக்க எனக்கு மனமே வரவில்லை. ஆனாலும் அது போனதால் முடிவில் ஒன்றும் குறையவில்லை.

கையைச் சுட்டுக்கொண்டேன் என்றேன் அல்லவா? முதல் தடவை நான் இந்தப் பின்னோட்டம் பார்க்கவில்லை. அம்மப்பாவின் நீண்ட விளக்கத்தை 'மீன் பாடும் மகள்' என்று ஒரே வரியாக்கிவிட்டேன். வரி அழகாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை கடைசிப் பக்கம் வரை தட்டுத் தடங்கல் இல்லாமல் வாசித்தது. வாசித்துவிட்டு, "மீன் பாடினா பாலம் கிட்ட எண்டு எப்படித் தெரியும்?" என்று கேட்டது. நான் வெட்டியது 'பாலத்தடியில் மட்டும்' என்ற இரண்டு சொல். அந்த இரண்டு சொல்தான் கதை.

இன்னொரு விதமாகவும் கதை கெட்டுப்போகும். சின்னப் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று ஆபத்தைக் கழுவிவிடுகிறோம். இருட்டில் பாலம் எங்கே என்று அம்மப்பாவுக்கே தெரியவில்லை என்ற இடத்தை ஒரு ரீச்சர் எடுக்கச் சொன்னார். எடுத்தால் அம்மப்பாவே தோணியை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார், பிள்ளைக்கு அங்கே வேலை இருக்காது. அதனால் விட்டு வைத்தேன். அம்மப்பா 'தெரியவில்லை மகள்' என்று சொல்கிற பக்கத்தில்தான் பிள்ளைகள் புத்தகத்தைக் கிட்ட இழுக்கிறார்கள்.

நீண்ட வாக்கியத்தை எங்கே உடைப்பது

மூலக் கதையில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது. எழுதியபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

'பூரணை நிலவு வாவியின் மேற்பரப்பில் வெள்ளித் தகடாய்ப் பரந்திருந்த அந்த இரவில், துடுப்பு வலித்துக்கொண்டிருந்த அம்மப்பாவின் எதிரே அமர்ந்திருந்த தர்ஷிகா, பாடும் மீன்கள் பாலத்தின் தூண்களை அண்டிய பகுதியில் மட்டுமே பாடும் என்று அவர் கூறியதைக் கேட்டு வியந்தவளாய், அடுக்கடுக்காகக் கேள்விகளைக் கேட்கத் தொடங்கினாள்.'

மொத்தம் 32 சொல். கதாநாயகி 15ஆவது சொல்லாக வருகிறாள். அவள் என்ன செய்தாள் என்பது 32ஆவது சொல்லில்தான் தெரியும். கூட்டி வாசிக்கிற பிள்ளை அங்கே போய்ச் சேர்வதற்குள் நிலவையும் துடுப்பையும் மறந்துவிடும்.

தமிழில் வாக்கியத்தை நீட்டுகிறவை பெரும்பாலும் எச்சங்கள்தான். ஆனால் எல்லா எச்சமும் பிள்ளைக்குக் கடினம் இல்லை. 'மாலா ஓடிப்போய்ப் பார்த்தாள்' என்பதை மூன்று வயதுப் பிள்ளையும் பேசும். செயல்கள் நடந்த வரிசையிலேயே சொற்களும் வருவதால் வினையெச்சம் பிள்ளைக்குச் சொந்தம். கஷ்டம் பெயரெச்சத்தில் இருக்கிறது. 'துடுப்பு வலித்துக்கொண்டிருந்த அம்மப்பாவின் எதிரே அமர்ந்திருந்த தர்ஷிகா' என்னும்போது, யாரைப் பற்றிய பேச்சு என்று தெரியாமலே நாலைந்து சொல்லை மனதில் சுமக்க வேண்டியிருக்கிறது. 'வலித்துக்கொண்டிருந்த' என்ற ஒரு சொல்லே 11 எழுத்து. ஆகவே பெயரெச்சத்தைக் கண்டால் அதை முழு வாக்கியமாக்கி முன்னால் வையுங்கள்: அம்மப்பா துடுப்பு வலித்தார். தர்ஷிகா முன்னால் இருந்தாள். வினையெச்சத்தை வாக்கியத்துக்கு ஒன்று என்ற கணக்கில் விட்டுவிடலாம்.

இரண்டையும் ஒரே வெறியோடு உடைத்தால் என்ன ஆகும் தெரியுமா? 'மாலா எழுந்தாள். மாலா நடந்தாள். மாலா ஏறினாள்.' தந்தி அடித்த மாதிரி இருக்கும். 'மாலா எழுந்து நடந்தாள்' என்றால் ஒரு மூச்சில் வாசித்துவிடும். வாக்கியத்துக்கு மூன்று முதல் ஐந்து சொல் என்பது என் கணக்கு. இடையில் ஒன்றிரண்டு ஆறு சொல்லாய்ப் போனால் குடிமுழுகிப் போகாது.

உடைக்கும்போது காரணம் காணாமல் போகிறதா என்றும் பார்க்கவேண்டும். 'மின்சாரம் துண்டிக்கப்பட்டதால் கரை தெரியவில்லை' என்பதில் காரணத்தைச் சுமப்பது 'ஆல்'. அதை உடைத்து 'கரையில் விளக்கு இல்லை. பாலம் தெரியவில்லை' என்று அடுத்தடுத்து வைத்தால் காரணத்தைப் பிள்ளை தானே பிடித்துக்கொள்ளும். நடுவில் வேறு ஒரு வரி புகுந்தால் பிடி நழுவிவிடும். அடுத்தடுத்து வைக்க முடியாத இடத்தில் மட்டும் 'அதனால்' போடுங்கள். 'ஆகையால்', 'எனவே' இரண்டும் இந்த வயதுக்கு வேண்டாம்.

சின்னச் சொல் வேறு, தெரிந்த சொல் வேறு

சொல்லைக் குறைக்கும்போது எழுத்தை எண்ணுவது நல்ல பழக்கம். நாலு எழுத்துக்குள் பெரும்பாலான சொற்கள் அடங்கினால் நல்லது. ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. 'அம்மப்பா' ஐந்து எழுத்து, அதில் இரண்டு புள்ளி எழுத்து. இருந்தாலும் எந்தப் பிள்ளையும் அதில் தடுக்குவதில்லை. நாள் முழுக்கக் கூப்பிடுகிற சொல். 'தர்ஷிகா' நாலே எழுத்துத்தான், ஆனால் ஷகரம் நடுவில் நிற்கிறது. அதனால் பெண்ணின் பெயரை 'மாலா' என்று மாற்றினேன்.

உறவுப் பெயரில் எங்கள் பக்கத்தில் இன்னும் ஒரு கவனம் வேண்டும். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் பாட்டனைத் 'தாத்தா' என்பார்கள். காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ முஸ்லிம் பிள்ளையிடம் அதைக் கொடுத்தால் குழம்பிப் போகும், அங்கே தாத்தா என்றால் மூத்த சகோதரி. வெளியூர்க் கதையைச் சிறிதாக்குகிறவர்கள் யார் வாசிக்கப் போகிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவா உம்மாவா, அப்பாவா வாப்பாவா என்பதும் அப்படியே.

குறுக்கப்போய் மாட்டிக்கொண்ட இன்னொரு சொல் 'நீர்'. 'தண்ணீர்' என்பதை விடச் சின்னது என்று 'நீர்' போட்டேன். 'துடுப்பை நீரில் விட்டாள்' என்ற வரியில் ஒன்றும் ஆகவில்லை. 'எங்கும் நீர்' என்ற வரியில் பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. இலங்கையில் 'நீர்' என்றால் எதிரில் நிற்கிற ஆளும் ஆகிவிடும் அல்லவா! தண்ணீரையே திரும்பக் கொண்டுவந்தேன். 'எங்கும் நீர்' என்ற வரி எப்படியும் வேண்டாததுதான், அதைத் தூக்கிவிட்டேன்.

இந்தக் கதையில் எனக்கு மிகுந்த தலையிடி தந்த சொல் 'கேட்டாள்'. கேள்வி கேட்பதும் கேட்பதுதான், காதால் கேட்பதும் கேட்பதுதான். பெரிய வாக்கியத்தில் முன்னும் பின்னும் இருக்கிற சொற்கள் எதைக் குறிக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். மூன்று சொல் வாக்கியத்தில் அந்தத் துணை இல்லை. 'மாலா பாட்டுக் கேட்டாள்' என்றால் செவியால் கேட்டாளா, அம்மப்பாவிடம் ஒரு பாட்டுப் பாடச் சொன்னாளா? ஆகவே ஒரு விதி வைத்துக்கொண்டேன். கேள்விக்கு 'மாலா கேட்டாள்', ஓசைக்கு 'பாட்டுக் கேட்டது'. ஆள் ஒன்றுக்கு, ஓசை மற்றதற்கு. கடைசி வரை அதை மாற்றவில்லை. நீங்கள் சிறிதாக்கும் கதையிலும் இப்படி இரட்டை வேலை செய்கிற சொல் ஒன்று இருக்கும். அதைத் தேடிப் பிடித்து ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வடிவம் கொடுங்கள்.

பேச்சுச் சொல்லா, எழுத்துச் சொல்லா என்ற கேள்வியும் வரும். எங்கள் பிள்ளைகள் 'மறுகா' என்பார்கள், பாடப் புத்தகம் 'பிறகு' என்னும். நான் கதை சொல்லும் வரிகளில் 'பிறகு' என்றே எழுதுவேன். பாடசாலையில் அதைத்தான் வாசிக்கப் போகிறார்கள். பாத்திரங்கள் பேசும் இடத்தில் கொஞ்சம் தளர்த்துவேன், 'பேசாதே' என்பதற்குப் பதிலாகக் 'கதைக்காதே' என்பது போல. முழுப் பேச்சையும் பேச்சுத் தமிழிலேயே எழுதிவிட்டால் பிள்ளை சொல்லை அடையாளம் காணாமல் மறுபடி எழுத்துக் கூட்டத் தொடங்கும். 'கேட்குது', 'பாடுது' அளவுக்குச் சரி.

புதுச் சொல் ஒன்றுமே இருக்கக்கூடாது என்று இல்லை. 'துடுப்பு' பல பிள்ளைகளுக்கு வாசிப்பில் புதிது. அதை எடுத்தால் கதையே இல்லை. படத்தில் காட்டி, நாலைந்து தடவை திரும்ப வரச் செய்தால் புத்தகம் முடிவதற்குள் பழகிவிடும். இப்படி ஒரு புத்தகத்துக்கு இரண்டு புதுச் சொல் போதும்.

பழகிய வாக்கிய அமைப்பு

பிள்ளைக்குப் பழகிய அமைப்பு 'யார், எங்கே, என்ன செய்தார்' என்பது. மாலா தோணியில் ஏறினாள். இந்த அச்சில் பெரும்பாலான வரிகளை வார்த்துவிடலாம். அதற்கு மேல், கதையில் திரும்பத் திரும்ப நடக்கிற செயல் ஒன்று இருந்தால் அதை ஒவ்வொரு முறையும் அதே சொற்களில் எழுதுங்கள். பெரியவர்களுக்கு எழுதும்போது ஒரே சொல் திரும்ப வந்தால் நமக்குக் கூச்சமாக இருக்கும். இங்கே அந்தக் கூச்சத்தை விடவேண்டும். இரண்டாவது தடவை பிள்ளை அந்த வரியை வாசிப்பதில்லை, கண்டவுடன் சொல்லிவிடுகிறது. மூன்றாவது தடவை ஒரு வரி மாறும்போது, அந்த மாற்றமே கதையின் திருப்பம் என்று தானாகத் தெரிந்துவிடும்.

இனி என் கதை வந்து நின்ற வடிவம். ஒவ்வொரு பத்தியும் ஒரு பக்கம்.

முழு நிலவு. மாலா தோணியில் ஏறினாள். அம்மப்பாவும் ஏறினார்.

"மீன் பாடுமா அம்மப்பா?" மாலா கேட்டாள். "பாடும் மகள். பாலத்தடியில் மட்டும் பாடும்."

பாலம் வந்தது. அம்மப்பா துடுப்பைத் தண்ணீரில் விட்டார். பிடியில் காதை வைத்தார். "பாட்டுக் கேட்குது!" என்றார்.

மாலாவும் காதை வைத்தாள். "மீன் எங்கே? மீன் பெரியதா? மீன் தூங்குமா?" பாட்டுக் கேட்கவில்லை.

"கதைக்காதே மகள். கதைத்தால் கேட்காது."

தோணி தூரம் போனது. மேகம் வந்தது. நிலவு மறைந்தது.

கரையில் விளக்கு இல்லை. பாலம் தெரியவில்லை. "பாலம் எங்கே அம்மப்பா?" "தெரியவில்லை மகள்."

மாலா துடுப்பைத் தண்ணீரில் விட்டாள். பிடியில் காதை வைத்தாள். பாட்டுக் கேட்கவில்லை.

தோணி கொஞ்சம் போனது. மாலா துடுப்பைத் தண்ணீரில் விட்டாள். பிடியில் காதை வைத்தாள். பாட்டுக் கேட்கவில்லை.

தோணி இன்னும் கொஞ்சம் போனது. மாலா துடுப்பைத் தண்ணீரில் விட்டாள். பிடியில் காதை வைத்தாள். மாலா கதைக்கவே இல்லை. பாட்டுக் கேட்டது!

"மீன் பாடுது அம்மப்பா! பாலம் பக்கத்தில்!"

மேகம் போனது. பாலம் தெரிந்தது. மாலாவும் அம்மப்பாவும் வீட்டுக்குப் போனார்கள்.

12 பக்கம். நாலு ஏ4 தாளை ஒன்றாக மடித்து நடுவில் தைத்தால் 16 பக்கம் வரும். அட்டைக்கும் அதன் உட்புறங்களுக்கும் நாலைக் கழித்தால் கதைக்குச் சரியாக 12 மிஞ்சும். போட்டோக்கொப்பி எடுக்கிற கடையிலேயே முடிகிற வேலை. வரியை முடிக்கும் இடத்தையும் நீங்களே தீர்மானியுங்கள். 'துடுப்பைத்' ஒரு வரியிலும் 'தண்ணீரில் விட்டாள்' அடுத்த வரியிலுமாக உடைந்தால் பிள்ளை அங்கே நின்றுவிடும். ஒரு வாக்கியம் ஒரு வரி என்று வைத்தால் பாதித் தொல்லை தீரும். சொற்களைச் சந்தி சேர்த்து ஒட்டாதீர்கள். 'போனாளென்று' வேண்டாம், 'போனாள் என்று' போதும். ஒற்று மிகவேண்டிய இடத்தில் மட்டும் பிழை விடாதீர்கள், பிள்ளை அதைப் பார்த்துத்தான் பழகும்.

உங்கள் சொந்தக் கதையாக இல்லாவிட்டால் எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இலங்கைச் சட்டத்தில் கதையைத் தழுவி எழுதும் உரிமையும் ஆசிரியருக்கே உரியது, அவர் காலமாகி 70 வருடம் வரை அது நிற்கும்.

வாசிக்கக் கொடுத்துப் பார்த்தல்

அச்சுக்கு முன் மூன்று பிள்ளைகளிடமாவது கொடுங்கள், தனித்தனியாக. பக்கத்தில் இருந்து உரக்க வாசிக்கச் சொல்லி, உங்கள் பிரதியில் தடுக்கிய சொல்லின் மேல் ஒரு புள்ளி வையுங்கள். உதவி செய்யாதீர்கள். ஒரு பிள்ளை தடுக்கிய சொல் அந்தப் பிள்ளையின் கதை, இரண்டு பிள்ளைகள் தடுக்கிய சொல் உங்கள் பிழை.

வாசித்து முடிந்ததும் 'விளங்கினதா?' என்று கேட்பதில் பயன் இல்லை. எல்லாப் பிள்ளையும் 'ஓம்' என்றுதான் சொல்லும். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, 'என்ன நடந்தது, சொல்லுங்க பாப்பம்' என்று கேளுங்கள். சொல்லும்போது நிகழ்ச்சிகள் வருகிறதா என்பதோடு காரணம் வருகிறதா என்றும் கவனியுங்கள். 'மறுகா பாலம் வந்தது, வீட்டுக்குப் போனாங்க' என்று மட்டும் சொன்னால் கதை கைவிட்டுப் போயிருக்கிறது. 'மீன் பாடினது, அப்ப பாலம் கிட்டத்தானே' என்று வந்தால் விதை முளைத்திருக்கிறது.

எனக்கு இரண்டாம் சுற்றில் புள்ளி விழுந்த சொல் ஒன்றே ஒன்று. மேலே 'பிடியில்' என்று இருக்கிற இடத்தில் முதலில் 'முனையில்' என்று எழுதியிருந்தேன். இரண்டு பிள்ளைகள் அதில் நின்றார்கள். அதில் ஒருவன் வாசித்துவிட்டான், ஆனால் எந்த முனை என்று தெரியாமல் தண்ணீருக்குள் இருக்கும் பக்கத்தைப் படத்தில் தொட்டுக் காட்டினான். 'பிடி' என்று மாற்றி, படத்தில் மாலாவின் காது துடுப்பின் பிடியோடு ஒட்டியிருப்பதுபோல் திரும்ப வரைந்தோம். அடுத்த சனிக்கிழமை அவனே வாசிகசாலை வாளிக்குள் தும்புத்தடியை விட்டு, பிடிப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றான்.